சிறு நிறுவனத்தின் ஆய்வுக் கூட்டத்துக்கு ஸ்வாட் ஸ்லைடு: பொத்தாம்பொதுவான வரிகள் இல்லாமல் தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிறு நிறுவனங்களின் ஆய்வுக் கூட்டங்களுக்காக ஸ்வாட் ஸ்லைடு போடுபவர்களுடன் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரைவு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். பலம்: தரமான சேவை, அனுபவமிக்க ஊழியர்கள். பலவீனம்: விளம்பரம் போதவில்லை. வாய்ப்பு: சமூக ஊடகம். அச்சுறுத்தல்: போட்டி அதிகம். நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டால் அது தையல் கடையின் ஸ்லைடா, மென்பொருள் நிறுவனத்தின் ஸ்லைடா என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுதுபவருக்குத் தொழில் தெரியாததால் இப்படி வருவதில்லை. நான்கு காலிக் கட்டங்களைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்குவதால் வருகிறது. காலிக் கட்டத்தைப் பார்த்ததும் கை முதலில் எழுதுவது எங்கோ கேட்ட சொற்களைத்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் ஸ்லைடைத் திறப்பதே ஏழாவது படியில்தான் வருகிறது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை நிறுவனத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். ஒன்பது பேர் வேலை செய்யும் லேபிள் அச்சகம். ஒரு டிஜிட்டல் அச்சு இயந்திரம் இருக்கிறது. லேபிளை வடிவமாக வெட்ட, ஒவ்வொரு வடிவத்துக்கும் டை என்னும் தனி வெட்டுக் கருவி வேண்டும். ரேக்கில் இருக்கும் டைகளுக்குப் பொருந்தாத வடிவம் வந்தால், வெளியே டை செய்பவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடந்த 12 மாதங்களில் 412 ஆர்டர்கள், 58 வாடிக்கையாளர்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 12 மாத ஆர்டர் பட்டியல், எக்செல் போன்ற விரிதாளில். அதில் வாடிக்கையாளர் பெயர், தொகை, சொன்ன தேதி, கொடுத்த தேதி ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

மறுக்கப்பட்ட விசாரணைகளின் பதிவு. ‘எங்களால் முடியாது’ என்று சொல்லி அனுப்பியவை எல்லாம் இதில் அடங்கும். தனி நோட்டு இல்லையென்றால் மின்னஞ்சலிலும் தொலைபேசிச் செய்திகளிலும் தேடி எடுக்கலாம். பெரும்பாலானவர்கள் இதைத் தொடுவதே இல்லை. ஆனால் வாய்ப்புக் கட்டத்துக்கு இதைவிட நல்ல ஊற்று கிடையாது.

மூன்று வாடிக்கையாளர்களிடம் பத்து நிமிடப் பேச்சு. ஒருவர் பழையவர், ஒருவர் புதியவர், ஒருவர் விட்டுப் போனவர். விட்டுப் போனவரிடம் பேசக் கூச்சமாக இருக்கும். எனினும் மூவரில் அதிகம் சொல்பவர் அவர்தான்.

இவற்றைச் சேர்க்க ஓர் அரை நாள் ஆகும். ஸ்லைடு போட அதைவிடக் குறைந்த நேரமே பிடிக்கும்.

## 1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

‘நம் நிறுவனம் எப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். கூட்டத்தில் எதைத் தீர்மானிக்கப் போகிறார்கள் என்று கேட்டு, அதை ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். அச்சகத்தின் கேள்வி இது: ‘தாமதப் புகார்களைக் குறைக்க, வரும் 12 மாதங்களுக்குள் இரண்டாவது அச்சு இயந்திரம் வாங்குவதா?’

இந்த வரி ஒரு வாசல்காப்பாளர் போல வேலை செய்கிறது. பின்னால் வரும் ஒவ்வொரு குறிப்பையும் பார்த்து, ‘இது அந்த முடிவைப் பாதிக்குமா?’ என்று கேட்கலாம். அலுவலகம் நல்ல இடத்தில் இருக்கிறது என்பது உண்மையாகவே இருக்கலாம். இந்த முடிவுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்றால் அது உள்ளே வரக்கூடாது.

கேள்வியில் காலக்கெடுவும் இருக்கட்டும். பன்னிரண்டு மாதம் என்று எழுதியபின், ‘எதிர்காலத்தில் சந்தை வளரும்’ போன்ற வரிகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

## 2. எண்களை எடுங்கள், எடுத்த எண்ணைச் சந்தேகியுங்கள்

முதலில் எத்தனை ஆர்டர்கள் சொன்ன தேதிக்குள் போயின என்று பார்க்கிறோம். தாளில் D சொன்ன தேதி, E கொடுத்த தேதி. F நிரலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். பூஜ்யமோ அதற்குக் கீழோ இருந்தால் நேரத்துக்குக் கொடுத்தோம் என்று பொருள்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இங்கே இருக்கிறது. கொடுத்த தேதியைப் பதிய மறந்த வரிகளில் E காலியாக இருக்கும். காலிக் கட்டத்திலிருந்து ஒரு தேதியைக் கழித்தால் விரிதாள் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு பெரிய எதிர்ம எண்ணைக் கொடுக்கும். எதிர்ம எண் என்றால் ‘நேரத்துக்கு முன்பே கொடுத்தோம்’ என்று கணக்காகிவிடும். பதிய மறந்ததெல்லாம் சாதனையாக மாறும் விந்தை! ஆகவே F நிரலை இப்படி எழுதுங்கள்:

```
=IF(E2="","",E2-D2)
```

பிறகு விகிதம்:

```
=COUNTIF(F2:F413,"<=0")/COUNT(F2:F413)
```

அச்சகத்தில் 96 வரிகளில் தேதி இல்லை. திருத்துவதற்கு முன் கிடைத்த விடை 81 சதவீதம். திருத்தியபின், தேதி பதிவான 316 ஆர்டர்களில் 237, அதாவது 75 சதவீதம். நான்கில் ஒன்று தாமதம் என்பது வேறு செய்தி.

அடுத்து, ஒரே வாடிக்கையாளரை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். B பெயர், C தொகை. முதல் வரியில் இருப்பவரின் பங்கை அறிய:

```
=SUMIF(B2:B413,B2,C2:C413)/SUM(C2:C413)
```

இங்கே உள்ள குழி பெயர் எழுதும் முறை. ஒரே வாடிக்கையாளரை ஓரிடத்தில் முழுப் பெயராகவும், ஓரிடத்தில் முதலெழுத்துகளாலும், இன்னோரிடத்தில் எழுத்துப் பிழையோடும் எழுதியிருந்தால் விரிதாள் அவரை மூன்று பேராக எண்ணும். அச்சகத்தில் பெயர்களை ஒழுங்குபடுத்தும் முன் மிகப் பெரிய வாடிக்கையாளரின் பங்கு 24 சதவீதமாகத் தெரிந்தது. ஒழுங்குபடுத்தியபின் 38. இந்த ஒரு திருத்தம் பலவீனக் கட்டத்தையே மாற்றி எழுதிவிடுகிறது.

கடைசியாக, தாமதமான 79 ஆர்டர்களின் வேலை அட்டைகளைக் கையில் எடுத்துக் காரணம் வாரியாகப் பிரியுங்கள். இதற்குச் சூத்திரம் இல்லை. மேசையில் பரப்பி வைத்து அடுக்க வேண்டியதுதான். 46 அட்டைகள் புதிய டைக்காகக் காத்திருந்தவை. 21 அட்டைகளில் வாடிக்கையாளர் மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தரத் தாமதித்திருக்கிறார். மீதி 12 பலவகைக் காரணங்கள். இயந்திரம் போதவில்லை என்று தனிக் குவியலாக அடுக்கும் அளவுக்கு அட்டைகளே சேரவில்லை. இயந்திரப் பதிவேடும் அதையே சொல்கிறது: எட்டு மணி நேர ஷிப்டில் அது சராசரியாக ஓடுவது ஐந்து மணி நேரம்.

அதாவது, ஸ்லைடைத் திறப்பதற்கு முன்பே கேள்வி ஆட்டம் காணத் தொடங்கிவிட்டது. இது நல்ல அறிகுறி. ஒன்றாவது படிக்குத் திரும்பிப் போய்க் கேள்வியை இப்போதே மாற்றத் தோன்றும். மாற்ற வேண்டாம். கூட்டத்துக்கு வருபவர்கள் பழைய கேள்வியோடுதான் வருவார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வியிலிருந்தே வழி காட்ட வேண்டும்.

## 3. வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்

பெயரில் உள்ள வரிசைப்படி எல்லோரும் பலத்தில் தொடங்குகிறார்கள். நான் வாய்ப்பிலும் அச்சுறுத்தலிலும் தொடங்கச் சொல்கிறேன். பலம் என்பது எதற்கு எதிராக, எதைப் பிடிக்க என்று தெரிந்தபின்தான் பலம். சூழ்நிலையை எழுதாமல் பலத்தை எழுத உட்கார்ந்தால் தற்புகழ்ச்சிதான் வரும்.

வெளியில் இருப்பதை எழுத ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் யார், என்ன செய்கிறார் அல்லது செய்யப் போகிறார், எப்போது என்ற மூன்றும் இருக்க வேண்டும். ‘போட்டி அதிகம்’ என்பதில் மூன்றும் இல்லை. வாடிக்கையாளர்களிடம் பேசியபோது இருவர் சொன்னது இது: ‘போட்டியாளர் ஒருவர் டை இல்லாமலே லேசரால் வெட்டும் இயந்திரம் வாங்கிவிட்டார்; புதிய வடிவத்துக்கு நான்கு நாள் என்கிறார்.’ இதில் மூன்றும் இருக்கின்றன. மிகப் பெரிய வாடிக்கையாளர் தன் ஒப்பந்தம் ஏழு மாதத்தில் முடியும்போது வேறு அச்சகங்களிடமும் விலை கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதிலும் மூன்றும் உண்டு.

வாய்ப்புக்கு வருவோம். மறுக்கப்பட்ட விசாரணைகள் 23. அவற்றில் 17, ஒரு வாரத்துக்குள் சிறப்பு வடிவ லேபிள் கேட்டவை. அச்சகம் நாளைக்கே மூடப்பட்டாலும் அந்தத் தேவை இருக்கும், வேறு யாரிடமோ போகும். ஆகவே அது வெளியில் இருப்பது.

துறையில் நடக்கும் மாற்றத்தையும் ஒன்று சேர்க்கலாம். ஆனால் அதற்கு ஒரு தேதி இருக்க வேண்டும். பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பு, 2027 முடிவுக்குள் கடைகளின் பில் போடும் இடத்து ஸ்கேனர்கள் பழைய கோட்டுப் பார்கோடோடு கியூஆர் போன்ற இருபரிமாணக் குறிகளையும் படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அந்தக் குறிக்குள் தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் சேர்க்க முடியும். அப்படிச் சேர்த்தால் ஒவ்வொரு தொகுதிக்கும் லேபிள் மாறும். லேபிள் அச்சகத்துக்கு இது வேலை. அச்சகத்தின் வாடிக்கையாளர்களில் ஐவர் ஏற்கெனவே இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அந்த ஐவர் இல்லாவிட்டால் இந்த வரியை ஸ்லைடில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். துறைச் செய்தி மட்டும் இருந்தால் அது எல்லா அச்சகங்களுக்கும் பொதுவான வரியாகிவிடும். இது அவர்கள் கேட்டதால்தான் நம்முடையதாகிறது.

## 4. இப்போது பலமும் பலவீனமும்

வெளியில் எழுதிய நான்கு வரிகளையும் எதிரே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கேளுங்கள்: ‘இதைப் பிடிக்க நம்மிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது? இது வந்தால் நம்மில் எது முதலில் உடையும்?’ முதல் கேள்விக்கான பதில் பலம், இரண்டாவதற்கானது பலவீனம்.

சிறப்பு வடிவ விசாரணைகள் 17. அவற்றைப் பிடிக்க என்ன இருக்கிறது? அச்சிடும் வேகம் இருக்கிறது. எது உடையும்? டை. புதிய டை தேவைப்பட்ட 62 ஆர்டர்களில் 46 தாமதமாகியிருக்கின்றன. டை தேவைப்படாத 254 ஆர்டர்களில் தாமதமானவை 33 மட்டுமே. ‘டெலிவரியில் சில சிக்கல்கள் உண்டு’ என்று எழுதுவதற்கும் இந்த இரண்டு எண்களை அடுத்தடுத்து வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். முதல் வரியைப் படித்தவர் ‘இன்னும் கவனமாக இருப்போம்’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். இரண்டாவதைப் படித்தவர் டை செய்பவரைப் பற்றிக் கேட்பார்.

## 5. ஒவ்வொரு வரியையும் மூன்று முறை சலியுங்கள்

வேலை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஒரு வரியை எடுத்து நிதானமாகச் சலித்துக் காட்டுகிறேன். உரிமையாளரின் முதல் வரைவில் இருந்த ‘தரமான, விரைவான சேவை’ என்பதையே எடுத்துக்கொள்வோம்.

பெயர் மாற்றிப் பார்ப்பது. வரியின் முன்னால் போட்டியாளரின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அவருடைய வலைத்தளத்திலும் அந்த வரி பொருந்தி உட்காருமானால் அது உங்கள் பலம் இல்லை. ‘தரமான, விரைவான சேவை’ எல்லோருடைய வலைத்தளத்திலும் இருக்கிறது. விழுந்தது.

எதிர்மறையாக்கிப் பார்ப்பது. ‘தரமற்ற, மெதுவான சேவை’ என்று எந்த நிறுவனமாவது தெரிந்தே தேர்ந்தெடுக்குமா? தேர்ந்தெடுக்காது என்றால் வரியில் தகவலே இல்லை. அதோடு ‘சிறு ஆர்டர்களை முதலில் முடிக்கிறோம்’ என்ற வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் எதிர்மறை ‘பெரிய ஆர்டர்களை முதலில் முடிக்கிறோம்’. அதையும் ஒரு நல்ல நிறுவனம் தேர்ந்தெடுக்கக்கூடும். ஆகவே முதல் வரி ஏதோ சொல்கிறது.

‘அதனால்?’ என்று கேட்பது. வரி உண்மை என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றாவது படியில் எழுதிய முடிவு அதனால் எந்தப் பக்கம் சாய்கிறது? எந்தப் பக்கமும் சாயவில்லை என்றால் வரி வேண்டாம்.

மூன்றிலும் விழுந்த வரியை உடனே அழித்துவிடாதீர்கள். உரிமையாளர் எதையோ பார்த்துத்தான் அப்படி எழுதியிருக்கிறார். ‘விரைவு என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். உரையாடல் இப்படிப் போகும்:

“சின்ன ஆர்டர் என்றால் உடனே கொடுத்துவிடுகிறோம்.”

“சின்னது என்றால் எவ்வளவு?”

“ஆயிரம் லேபிளுக்குள்.”

“எல்லா வடிவத்துக்குமா?”

சற்று யோசித்துவிட்டு, “இல்லை, ரேக்கில் டை இருந்தால்.”

“உடனே என்றால்?”

“இரண்டு, மூன்று நாள்.”

இனி விரிதாளையும் வேலை அட்டைகளையும் வைத்துச் சரிபார்க்க முடியும். ஆயிரத்துக்குள், கையிருப்பு டை, தேதி பதிவானவை: 140 ஆர்டர்கள். அவற்றில் மூன்று வேலை நாளுக்குள் போனவை 112. போட்டியாளர்கள் இருவரிடம் இதே அளவுக்கு எத்தனை நாள் ஆகும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டுச் சொன்ன பதில் ஆறிலிருந்து ஏழு நாள். இப்போது வரி இப்படி ஆகிறது: ‘1,000-க்குள், கையிருப்பு டை: 140-ல் 112 ஆர்டர்கள் 3 வேலை நாளில், போட்டியாளர் இருவர் சொல்வது 6–7 நாள்.’

மூன்று சல்லடையிலும் இது நிற்கிறது. போட்டியாளர் பெயரைப் போட்டால் பொய்யாகிவிடும். பெரிய ஆர்டர்களில் கவனம் வைப்பது இன்னொரு நிறுவனத்துக்குச் சரியான தேர்வாக இருக்கலாம். அச்சிடும் வேகத்தில் குறை இல்லை என்று சொல்வதால் இரண்டாவது அச்சு இயந்திரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது.

‘அனுபவமிக்க ஊழியர்கள்’ என்பதை இதே வழியில் கேட்டுப் போனபோது எதுவும் தேறவில்லை. எத்தனை ஆண்டு என்பது இருந்தது, அதனால் என்ன என்பது இல்லை. சில வரிகள் அப்படித்தான். அதை நீக்கும்போது உரிமையாளரின் முகம் வாடும். அந்த வரியை ஊழியர்களைப் பாராட்டும் வேறொரு சந்தர்ப்பத்துக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

## 6. கட்டம் மாறி உட்கார்ந்தவற்றை எழுப்புங்கள்

மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வரும்.

செயலை வாய்ப்பாக எழுதுவது முதலாவது. ‘லேசர் வெட்டு இயந்திரம் வாங்குவது’ வாய்ப்பு இல்லை, அது நாம் செய்யக்கூடிய ஒன்று. வாய்ப்பு, வெளியில் காத்திருக்கும் 17 விசாரணைகள். வரி ‘தொடங்குதல்’, ‘வாங்குதல்’, ‘விரிவாக்குதல்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அது செயல். அதை ஒன்பதாவது படிக்கு ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாவது, ஒரே விஷயத்தை இரண்டு கட்டத்தில் வைப்பது. பெரிய வாடிக்கையாளர் விவகாரம் பலவீனமா, அச்சுறுத்தலா? இதில் இரண்டு வெவ்வேறு உண்மைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 38 சதவீதம் ஒருவரிடமிருந்து வருகிறது என்பது நாம் அமைத்துக்கொண்ட நிலை, ஆகவே பலவீனம். ஏழு மாதத்தில் அவர் வெளியே விலை கேட்கப் போகிறார் என்பது அவருடைய செயல், ஆகவே அச்சுறுத்தல். பிரித்து எழுதினால் இரண்டுமே கூர்மையாகும். ஐயம் வந்தால் ‘நம் நிறுவனம் இல்லாமல் போனாலும் இது இருக்குமா?’ என்று கேளுங்கள். இருக்கும் என்றால் வெளி, இருக்காது என்றால் உள். இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் கச்சிதமாக வேலை செய்யாது. பெரிய வாடிக்கையாளர் விலை கேட்பதுகூட நாம் இருப்பதால்தான் நமக்கு அச்சுறுத்தல். தடுமாறும் இடத்தில், ‘இதை மாற்றும் பொத்தான் யார் கையில்?’ என்று மாற்றிக் கேளுங்கள்.

மூன்றாவது, பலத்தைப் புரட்டிப் போட்டுப் பலவீனம் என்று சொல்வது. ‘தரத்தில் சமரசம் செய்யாததால் சில சமயம் தாமதமாகிறது’ என்பது நேர்காணலில் சொல்லும் பதில். வேலை அட்டைகளில் அப்படி ஒரு காரணம் ஒன்றில்கூட இல்லை.

## 7. இப்போது ஸ்லைடைத் திறங்கள்

கட்டத்துக்கு இரண்டு வரி. மூன்றாவது வரிக்கு இடம் கொடுத்தால் அதில் வந்து உட்காருவது பெரும்பாலும் சலித்துக் கீழே விழுந்த ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு கட்டத்தில் ஒன்றுதான் தேறியது என்றால் ஒன்றே இருக்கட்டும். நான்கு கட்டமும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. சமப்படுத்தும் ஆசையில்தான் பொதுவரிகள் திரும்ப நுழைகின்றன.

எழுத்து 18 புள்ளிக்குக் குறைய வேண்டாம். தமிழ் எழுத்துகள் அகலமானவை, மேலும் கீழும் கொக்கிகள் உண்டு. வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டி வையுங்கள். எட்டு வரிகளும் அந்த அளவில் அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காமல் சொல்லைச் சுருக்குங்கள். படங்களும் சின்னங்களும் இடத்தைத் தின்னும், அவற்றுக்கு இங்கே வேலை இல்லை.

தலைப்பில் ‘ஸ்வாட் பகுப்பாய்வு’ என்று எழுதாதீர்கள். நான்கு கட்டத்தைப் பார்த்தாலே அது தெரியும். எட்டு வரிகளும் சேர்ந்து எதைச் சொல்கின்றனவோ அதைத் தலைப்பாக்குங்கள். அச்சகத்தின் ஸ்லைடு இப்படி வந்து நின்றது:

தாமதம் அச்சிடுவதில் இல்லை, வெட்டுவதில் இருக்கிறது

*பலம்*
- 1,000-க்குள், கையிருப்பு டை: 140-ல் 112 ஆர்டர்கள் 3 வேலை நாளில் (போட்டியாளர் இருவர்: 6–7 நாள்)
- லேபிளுக்கு லேபிள் வேறு குறி அச்சிடும் இயந்திரம். 8 மணியில் 5 மணியே ஓடுகிறது

*பலவீனம்*
- புதிய டை தேவைப்பட்ட 62-ல் 46 தாமதம். மற்ற 254-ல் 33
- விற்பனையில் 38% ஒரே வாடிக்கையாளர்

*வாய்ப்பு*
- ஒரு வாரத்துக்குள் சிறப்பு வடிவம் கேட்டு நாம் மறுத்தவை: 17
- 2027 முடிவுக்குள் கடைகளில் இருபரிமாணக் குறி. 5 வாடிக்கையாளர்கள் விசாரிப்பு

*அச்சுறுத்தல்*
- பெரிய வாடிக்கையாளர் 7 மாதத்தில் வெளியே விலை கேட்கிறார்
- போட்டியாளரிடம் லேசர் வெட்டு. புதிய வடிவம் 4 நாளில்

## 8. சான்றைக் குறிப்புப் பகுதியில் வையுங்கள்

ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது, எதை விட்டுவிட்டு எண்ணப்பட்டது என்று ஸ்லைடின் கீழே உள்ள பேச்சாளர் குறிப்பில் எழுதுங்கள். ‘412-ல் 96 ஆர்டர்களுக்குத் தேதி பதிவில்லை, அவை சேர்க்கப்படவில்லை’ என்பது கட்டாயம் இருக்க வேண்டும். யாராவது ‘எனக்குத் தெரிந்து இவ்வளவு தாமதம் இல்லையே’ என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

வாடிக்கையாளர் வாயிலாகக் கேட்டதை எண்ணிப் பார்த்ததைப் போல எழுதிவிடக் கூடாது. போட்டியாளரின் ‘நான்கு நாள்’ இருவர் சொன்னது, நாம் அளந்தது இல்லை. குறிப்பில் ‘கேட்டது’ என்று ஒரு சொல் போட்டுவிடுங்கள். ஸ்லைடில் உள்ள மிகப் பலவீனமான எண் இதுதான். கூட்டத்துக்கு முன் இன்னும் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்ய நேரம் இருந்தால் இதற்கே அந்த நேரத்தைச் செலவிடுவேன்.

## 9. கட்டங்களைக் கோத்து முடிவுக்குக் கொண்டு வாருங்கள்

நான்கு கட்டத்தோடு நிறுத்தினால் கூட்டம் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும். உள்ளே உள்ள ஒரு வரியையும் வெளியே உள்ள ஒரு வரியையும் சேர்த்து ஒரு செயல் எழுதுங்கள். இதை முழுக் கட்டமாக, எல்லா இணைப்புகளோடும் செய்யும் முறைக்கு டௌஸ் என்று பெயர். சிறு நிறுவனத்தின் கூட்டத்துக்கு இரண்டு இணைப்புகளே போதும். அவற்றை ஸ்லைடின் அடியில் ஒரு பட்டையாகப் போடலாம்.

அச்சகத்தின் முதல் இணைப்பு: டை தாமதம், மறுத்த 17 விசாரணைகள், போட்டியாளரின் லேசர் இயந்திரம். மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. எழுதிய செயல்: ‘இரண்டாவது அச்சு இயந்திரத்தை நிறுத்தி வைத்து, டை இல்லாத வெட்டு இயந்திரத்துக்கு விலைப்புள்ளி வாங்குவது. அதுவரை இரண்டாவதாக ஒரு டை செய்பவரைச் சேர்ப்பது.’

இரண்டாவது இணைப்பு: இயந்திரத்தில் காலியாக உள்ள மூன்று மணி நேரம், இருபரிமாணக் குறி பற்றி விசாரித்த ஐவர், ஏழு மாதக் கெடு. எழுதிய செயல்: ‘ஐவருக்கும் மாதிரி அச்சிட்டுக் கொடுத்து, பெரிய வாடிக்கையாளரின் கெடுவுக்கு முன் ஆர்டராக்க முயல்வது.’

செயலுக்கு எதிரே ஒருவரின் பெயரும் ஒரு தேதியும் வேண்டும். பெயர் இல்லாத செயல், முதல் வரைவின் ‘சமூக ஊடகம்’ என்ற வரிக்கு அண்ணன்.

## 10. மறுக்கக்கூடியவரிடம் முதலில் காட்டுங்கள்

கூட்டத்துக்கு ஒரு நாள் முன்பு, ஸ்லைடை அதனால் சங்கடப்படக்கூடியவரிடம் காட்டுங்கள். அச்சகத்தில் அவர் வெட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். 62-ல் 46 என்ற வரியைக் கூட்டத்தில் முதல் முறையாகப் பார்த்தால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளப் பேசுவார். முன்னதாகப் பார்த்தால் திருத்துவார்.

அவர் திருத்தவும் செய்தார். 46-ல் ஒன்பது அட்டைகளில் டை சரியான நாளில் வந்திருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் வடிவத்தை மாற்றியதால் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஒன்பதையும் பிரித்தால் டை செய்பவரால் ஆன தாமதம் 37. ஸ்லைடில் உள்ள 46 மாறவில்லை, ஏனெனில் அந்த வரி புதிய டை தேவைப்பட்ட ஆர்டர்களைப் பற்றியது. குறிப்புப் பகுதியில் மட்டும் ஒரு வரி சேர்ந்தது. இரண்டாவது டை செய்பவரைச் சேர்த்தாலும் அந்த ஒன்பது தீராது. வடிவம் உறுதியான பிறகே டைக்குச் சொல்ல வேண்டும் என்ற மூன்றாவது செயலை அவரே எழுதிக் கொடுத்து, எதிரே தன் பெயரையும் போட்டுக்கொண்டார்.